படத்துக்குக் கீழே எழுதாமல் விட்டது

(மாணவர்கள் தங்கள் வீடுகளிலிருந்து கொண்டுவந்த குடும்பப் புகைப்படங்களை வைத்து நடந்த ஒருநாள் கண்காட்சியின் முடிவில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிஞர் என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கவிதையைப் பற்றிப் பேசப்போவதில்லை. காலையிலிருந்து இந்தச் சுவரில் ஒட்டியிருக்கிற படங்களைப் பார்த்தேன். படங்களைவிட அவற்றுக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கிற வரிகளைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணம், பட்டமளிப்பு, புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினது, அக்காவுக்கு வேலை கிடைத்த அன்று எடுத்தது. எல்லாம் ஒரு குடும்பம் ஒரு படி ஏறின நாட்கள். அந்த மாதிரி நாளில் சண்டை இல்லாத வீடு எது? யாரோ வரமாட்டேன் என்று சொல்லியிருப்பார்கள். யாரோ வந்து மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதைப் படத்துக்குக் கீழே எழுதுவதா, விடுவதா? இந்தக் கேள்விக்கு இந்தச் சுவரில் ரெண்டு விதமான பதில் இருக்கிறது. ஒன்று, 'பெற்றோர் ஆசியுடன்' என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் பெற்றோரைக் காணோம். இன்னொன்று, 'எல்லோரையும் எதிர்த்து' என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் பதினாறு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எதிர்த்தது யாரை?

முதல் வகை பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ரெண்டாவது வகையில் இருக்கிற தப்பு நமக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. என் வீட்டில் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. 'விட்டுவிடு' என்ற சொல்லே நமக்கு ஆகாது. நம்மை விட்டுவிட்டு எழுதின வரலாற்றை எதிர்த்துத்தான் இங்கே கூடியிருக்கிறோம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். ஆட்களை நிற்கவைத்து, உட்காரவைத்துப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். பெரும்பாலான படங்களுக்குக் கீழே சாதியின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அந்த மனுசனுக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது யாருக்கும் தேவைப்படவில்லை. அதனால் யாராவது 'அதை எழுத வேண்டாம்' என்று சொன்னால் நமக்கு உடனே சுருக்கென்று தைக்கிறது. நியாயம்தான்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு படம். உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். 1934 பிப்ரவரியில் பம்பாய் ராஜகிருகத்தில் எடுத்த அம்பேத்கர் குடும்பப் படம். அதற்குக் கீழே வழக்கமாகப் போடுகிற வரி என்ன? மகன் யஷ்வந்த், அம்பேத்கர், மனைவி ரமாபாய், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்தராவ். அதோடு அவர் வளர்த்த நாய் டோபி. இடம், மாதம், வருசம். அவ்வளவுதான். நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் யாருக்கு யார்மேல் என்ன வருத்தம் என்று ஒரு எழுத்து கிடையாது. அடுத்த வருசம் மே மாதம் ரமாபாய் இறந்துபோனார். அதற்காக யாரும் அந்த வரியில் ஒரு பெருமூச்சைச் சேர்க்கவில்லை. ஆனாலும் அந்தப் படத்தில் எதுவும் மறைக்கப்பட்டதாக நமக்குத் தோன்றுவதில்லை. ஏன்? ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பெயரை விடுவதும் சண்டையை விடுவதும் ஒன்றல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

2019இல் என் தங்கச்சி வழக்கறிஞராகப் பதிவு செய்தாள். உயர்நீதிமன்ற வளாகத்தில், கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக நிற்கிறாள். அவளுக்கு ஒரு பக்கம் அம்மாவும் தாய்மாமனும், இன்னொரு பக்கம் நான். மாமாவோட பையன் போனில் எடுத்த படம். படத்தில் அப்பா இல்லை.

அப்பா ஏன் வரவில்லை? மூணு வருசத்துக்கு முன்னால் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் பையனுக்குத் தங்கச்சியைக் கேட்டு வந்தாங்க. முறைப் பெண். சின்ன வயசிலிருந்தே பேசி வைத்தது. தங்கச்சி, படிப்பு முடியட்டும், அப்புறமும் எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாங்க. அப்பாவுக்கு அம்மா இல்லை, வளர்த்தது அந்த அக்காதான். அன்றையிலிருந்து அப்பா தங்கச்சியிடம் பேசவில்லை. செலவுக்குக் காசும் தரவில்லை. அப்போதெல்லாம் பதிவுக் கட்டணமே ஆயிரக்கணக்கில் இருந்தது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்குமேல் பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலையில்தான். அம்மா மூணு சவரன் சங்கிலியை அடகு வைத்து அந்தக் கட்டணம், அங்கி, பிரயாணம் எல்லாம் பார்த்துக்கொண்டது.

படம் எடுத்த அன்று ராத்திரி ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்து படத்துக்கு நான் ஒரு வரி எழுதினேன். ஒரு வரியா? ஒரு பத்தி. முழுசாகச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

'பெற்ற அப்பாவே தடுத்தும், உறவே பகைத்தும், அம்மா மட்டுமே தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஆளாக்கிய எங்கள் வம்சத்தின் முதல் வழக்கறிஞர். ஒருவழியாக இன்று கறுப்பு அங்கி. உடன் நின்றவர்களுக்கு மட்டும் நன்றி.'

படத்தோடு இதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். விடிவதற்குள் நூறு பேர் பார்த்திருந்தார்கள். 'அருமை தோழர்', 'கண்ணீர் வந்தது' என்று பதில்கள். எனக்கு ஒரே பெருமை. காலையில் அதை அத்தை மகள் பார்த்திருக்கிறாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மகள் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். பத்து மணிக்கு டீக்கடையில் ஒருத்தர் அப்பாவிடம், 'என்னய்யா, பொண்ணு படிக்கக்கூடாதுன்னு தடுத்தியாமே' என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. துணியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனவர், நாலு மாசம் வரவில்லை.

நான் அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன ஆகும்? ஸ்டேட்டஸ் எப்படியும் இருபத்துநாலு மணி நேரத்தில் தானாகப் போய்விடுவதுதான். யாரோ அதைத் திரையோடு படம் பிடித்து வைத்திருந்தார்கள். அது இன்னும் இருக்கிறது.

அப்பா போனதற்குக்கூட நான் கலங்கவில்லை. உண்மையைச் சொன்னேன், சுட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். என்னை உட்காரவைத்தது அம்மா கேட்டதுதான். 'ஏன்டா, நீ வேல பாக்கற பேங்குலயே நகைக்கடன் குடுக்கறாங்க. வட்டியும் கம்மி. நான் ஏன் அங்க வெக்காம தெருக்கோடி சேட்டு கடையில வெச்சேன்? உன்கூட வேல பாக்கறவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான். நீ அவங்களுக்கும் சேத்துல்ல சொல்லிட்ட?'

தங்கச்சி கேட்டது இன்னும் சுருக்கம். 'அண்ணா, இது என் படமா, உன் கவிதையா?'

தோழர்களே, நான் கவுன்டரில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். புருசன் வந்து, பொண்டாட்டி கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் சொல்லமாட்டேன். எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லமாட்டேன். அது அந்த அம்மாவின் கணக்கு. இந்தக் கண்டிப்பு எனக்கு அலுவலகத்தில் இருந்தது, வீட்டில் இல்லாமல் போனது. என் அம்மாவின் அடகுச் சீட்டை எடுத்து நூறு பேருக்குக் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்து மூணு பேரும் உட்கார்ந்தோம். படத்தைப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று தங்கச்சிக்கு ஆசை. கீழே என்ன எழுதுவது? என் பத்தியை எடுத்து வைத்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் தங்கச்சி ஒரே கேள்விதான் கேட்டாள். 'இது யாரோட விசயம்?' உண்மையா பொய்யா என்று அவள் கேட்கவே இல்லை. வக்கீல் அல்லவா, சொத்து யாருடையது என்பதைத்தான் முதலில் பார்க்கிறாள்.

முதல் துண்டு, சங்கிலி. இது அம்மாவோட விசயம். அம்மா சொன்னால் எழுதலாம், சொல்லாவிட்டால் கிடையாது. நான் வாதாடினேன். பெண்ணின் தியாகத்தை மறைப்பது ஆணாதிக்கம் என்றெல்லாம் பேசினேன். அம்மா சொன்னது: 'தியாகம் ஒண்ணும் இல்ல. சங்கிலி, மூட்டா வரப்போவுது. நீ எழுதினா அடகுலயே நிக்கும்.' எனக்கு வாயடைத்துவிட்டது. எழுத்துக்கு இந்தக் குணம் உண்டு. கஷ்டத்தை எழுதினால் அந்த ஆளை அந்தக் கஷ்டத்திலேயே நிறுத்திவிடும். எட்டு மாசத்தில் சங்கிலி திரும்பி வந்தது. என் வரி இருந்திருந்தால் அந்தச் சுவரில் இன்றைக்கும் அது அடகில்தான் இருக்கும்.

ரெண்டாவது துண்டு, 'பெற்ற அப்பாவே தடுத்தும்'. இது யாரோட விசயம்? பாதி தங்கச்சியோடது. அவளிடம் பேசாமல் இருந்தது நிஜம், வலித்தது அவளுக்கு. மீதிப் பாதி அப்பாவோடது. அவர் பதில் சொல்ல அங்கே இல்லை. தங்கச்சி அப்போது ஒன்று சொன்னாள், எனக்கு அதுவரை தெரியாது. அவள் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது சாதிச் சான்றிதழில் இனிஷியல் தப்பாக இருந்திருக்கிறது. அதைத் திருத்த, மூணு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுக்கா ஆபீசில் நின்றது அப்பா. அப்படியென்றால் 'தடுத்தும்' என்பது முழு உண்மையா? கல்யாணப் பேச்சுக்கு அப்புறம் பேசவில்லை என்பது உண்மை. படிக்கத் தடுத்தார் என்பது என் கோபம். ஒரு வரிக்குள் எழுதும்போது நடுவிலிருக்கிற வருசங்கள் எல்லாம் விழுந்துவிடும், முரட்டுச் சொல் மட்டும் நிற்கும். படத்துக்குக் கீழே இரண்டு பக்க நியாயத்தைச் சொல்ல இடம் இல்லை. இடம் இல்லாத இடத்தில் வழக்கு நடத்தக்கூடாது என்றாள் தங்கச்சி.

மூணாவது, 'முதல் வழக்கறிஞர்'. இதில் என்ன தப்பு, பெருமைதானே என்று நினைத்தேன். படித்துக் காட்டினாளே அத்தை மகள், அவள் இவளுக்கு முன்னாடியே சட்டம் படிக்கச் சேர்ந்தவள். ரெண்டாவது வருசம் கல்யாணம் செய்து வைத்து நிறுத்திவிட்டார்கள். அந்த வரியை அவள் வாயாலேயே அவள் அம்மாவுக்குப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும்? அரசாங்கம் கொடுக்கிற முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழில் 'முதல்' என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது, விசாரித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். நம் வரியில் 'முதல்' என்று போடும்போது யாரை விசாரிக்கிறோம்? 'முதல்' என்று சொன்னதும் ஒருத்தி பின்னால் தள்ளப்படுகிறாள். தங்கச்சி அதை அடித்துவிட்டாள்.

நாலாவது, நன்றி. 'உடன் நின்றவர்களுக்கு மட்டும்'. இங்கேதான் மொழியைப் பற்றி ஒன்று கற்றுக்கொண்டேன். கவிதை எழுதுகிறவன், இதை முன்னாடியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நம் தமிழில் சண்டை பெரிய சொற்களில் இருப்பதில்லை. சின்னச் சின்ன ஒட்டுகளில் இருக்கிறது. 'அப்பாவே' என்பதில் அந்த ஏகாரம் ஒரு குற்றப்பத்திரிகை. 'அம்மா மட்டுமே' என்றால் மற்ற எல்லோரும் கைவிட்டார்கள் என்று அர்த்தம். 'மாமாதான் வந்தார்' என்றால் வர வேண்டிய வேறொருவர் வரவில்லை. 'சித்தப்பாகூட வாழ்த்தினார்' என்றால் சித்தப்பாவை எதிரி என்று ஊருக்கு அறிவித்தாகிவிட்டது. 'ஒருவழியாக', 'கடைசியில்' என்றாலே முன்னால் ஏதோ நடந்தது என்று கேட்கிறவன் காதைத் தீட்டிக்கொள்கிறான். அப்பா என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'அம்மா மட்டும்' என்று விட்டுவைத்தால், நீங்கள் எதையும் விடவில்லை என்றுதான் அர்த்தம். சண்டையை விட்டுவிட்டோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்த ஏ, தான், மட்டும், கூட நாலையும் எடுத்துவிட்டு வரியைத் திரும்பப் படியுங்கள். எடுத்ததும் வரி செத்துப்போனால், அந்த வரி படத்தைப் பற்றியதே இல்லை, சண்டையைப் பற்றியது.

இப்படி அடித்து அடித்து என் பத்தியில் மிச்சம் ஒன்றும் இல்லை. அப்போது மாமா, பெரிய மனசோடு ஒரு யோசனை சொன்னார். 'பெற்றோர் ஆசியுடன்னு போட்டுடுங்கப்பா. நாளைக்கு உங்கப்பனும் சமாதானமாயிடுவான்.' தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. நானும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா ஆசி கொடுக்கவில்லை. கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதினால் அது தங்கச்சியின் மூணு வருசத்தை அழிப்பது. அப்பாவின் கோபத்தையும் அழிப்பது, அவர் ஒரு காரணத்தோடுதான் வராமல் இருந்தார்.

எங்கள் வங்கியில் வவுச்சரில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது அடியில் தெரிய வேண்டும். வெள்ளை மை பூசக்கூடாது. பாஸ்புக்கில் விவரம் என்று ஒரு பத்தி இருக்கிறது பாருங்கள், அதில் யார் செலுத்தினது, எப்படிச் செலுத்தினது என்று இருக்கும். அழுதுகொண்டே செலுத்தினார் என்று இருக்காது. அதனால் அந்தப் பாஸ்புக் பொய்யாகிவிடுமா? எழுதாமல் விட்டால் பாஸ்புக் பொய்யாவதில்லை, வெள்ளை மை பூசினால் பொய்யாகிவிடும். 'பெற்றோர் ஆசியுடன்' என்பது வெள்ளை மை. படத்தில் நிற்கிற ஒருத்தரை ஓரத்தில் வெட்டி எடுப்பதும் வெள்ளை மைதான். வெட்டின இடத்தில் ஒரு கை தோளில் மிச்சம் இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

கடைசியில் தங்கச்சியே எழுதினாள். 'வழக்கறிஞராகப் பதிவு செய்த நாள், சென்னை, 2019. இடமிருந்து வலம்:' என்று தொடங்கி, நாலு பேரின் பெயர். அம்மாவின் பெயரை முழுசாக எழுதினாள், வெறும் 'அம்மா' என்று விடவில்லை. படம் எடுத்த மாமா பையனின் பெயரையும் சேர்த்தாள். அவ்வளவுதான். ஒரு பெயரடை இல்லை, ஒரு நன்றி இல்லை. நான் அதைப் படித்துவிட்டு, சப்பென்று இருக்கிறது என்றேன். 'படத்தப் பாரு அண்ணா, அதுல நான் எப்படி நிக்கறேன்னு' என்றாள். பார்த்தேன். அவள் நிற்கிற நிலையிலேயே நான் எழுதின பத்தி முழுக்க இருந்தது.

அப்படியென்றால் சங்கிலி, அத்தை, மூணு வருசம் பேசாமல் இருந்தது, எல்லாம் காற்றில் போக வேண்டியதா? இல்லை. அதைச் செய்தால் நாமே நமக்குத் தர்ஸ்டன் ஆகிவிடுவோம். நாற்பது வருசம் கழித்து தங்கச்சியின் பேத்தி இந்தப் படத்தைப் பார்த்துக் கேட்பாள், பெரிய தாத்தா எங்கே என்று. அவளுக்குப் பதில் இருக்க வேண்டும். அதற்கு இடம் படத்தின் பின்பக்கம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் கவிழ்த்து, கெட்டியான மேசைமேல் வைத்து, மெதுவான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கத்தில் மேடு தட்டும், மை வருசக்கணக்கில் கசியும். இப்போது கடையில் போட்டுத் தருகிற பிரிண்ட்டின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், பென்சில் பிடிக்காது. அதற்குத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு ஒரே உறையில் போட்டுவைக்கலாம். எழுதும்போது யார் சொன்னது, எப்போது சொன்னது என்று சேர்த்து எழுதுங்கள். எங்கள் உறையில் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்றில் 'அம்மா சொன்னது' என்று சங்கிலிக் கதை, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினது. இன்னொன்று தங்கச்சி எழுதினது, அதை நான் படித்ததில்லை. அதுவும் அவளோட விசயம்தான்.

இங்கே ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இதுவரைக்கும் நான் பேசினது மனத்தாங்கலைப் பற்றி. அடிதடியும் மிரட்டலும் வேறு. சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்டு, தேடிக்கொண்டிருக்கிற சொந்தக்காரர்களுக்குப் பயந்து இருக்கிற ஜோடிக்கு யார் மனசும் புண்படக்கூடாது என்ற கவலை தேவையில்லை, உயிர்தான் கவலை. அவர்கள் விட வேண்டியது வேறு பட்டியல். தங்கியிருக்கிற ஊர், வேலை செய்கிற இடம், சாட்சிக் கையெழுத்துப் போட்ட நண்பர்களின் பெயர், பின்னால் தெரிகிற கடைப் பலகை. போனில் எடுத்த படத்தை ஆவணமாக அனுப்பினால், இடம் பதிகிற வசதி திறந்திருக்கிற போன் என்றால், எடுத்த இடமும் கோப்போடு போய்விடும். மிரட்டினவனின் பெயரை நல்லபெயருக்காக விட வேண்டியதில்லை. ஆனால் அதை எழுத வேண்டிய இடம் புகார் மனு. தேதியோடு, சாட்சியோடு, நகல் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். குற்றத்தைப் படத்துக்குக் கீழே எழுதி லைக் வாங்கினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் இருக்கிற இடம்தான் தெரியும்.

கடைசியாக அப்பா. நாலு மாசம் கழித்து ஒரு சாயங்காலம் அதே மஞ்சப்பையோடு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா சோறு போட்டது. சாப்பிட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். டீக்கடையில் கேட்ட வரி எங்காவது இருக்கிறதா என்று தேடினார் என்று நினைக்கிறேன். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் தங்கச்சியைப் பார்க்காமலே, 'நான் எங்கன்னு யாரும் கேக்கலயா?' என்றார். மூணு வருசத்தில் அவர் அவளிடம் பேசின முதல் பேச்சு.

தங்கச்சி சொன்னாள், 'கேப்பாங்க. வேலைக்குப் போயிருந்தீங்கன்னு சொல்லிக்கட்டுமா?'

அப்பா சொன்னார், 'பொய் எதுக்கு? கேக்கறவன்கிட்ட நானே சொல்லிக்கறேன்.'

நான் எழுதின பத்தி அந்தச் சுவரில் இருந்திருந்தால் அவர் சொல்வதற்கு என்ன இருந்திருக்கும்? அவருக்குப் பதிலாக நான்தான் எல்லாம் சொல்லி முடித்துவிட்டேனே. பொய்யை எழுதியிருந்தாலும் இதே கதைதான், அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்திருக்கும். விட்ட இடம் அவருக்காக விட்ட இடமாக இருந்தது. அவர் சொல்கிறாரா என்று கேட்காதீர்கள். யாராவது கேட்டால் சில நாள் சொல்கிறார், சில நாள் எழுந்து வெளியே போகிறார். அத்தை இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நீங்கள் கேட்கலாம். வீட்டு விசயத்தை வெளியே சொல்லாதே என்று சொல்லிவிட்டு, மேடை போட்டு இதையெல்லாம் சொல்கிறாயே என்று. கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அம்மா, 'சங்கிலி திரும்பி வந்துடுச்சுன்னும் சேத்துச் சொல்லு' என்றது. சொல்லிவிட்டேன். தங்கச்சி, தன் பெயர் வேண்டாம் என்றாள். அத்தை மகளிடம் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், 'ரெண்டு வருசம் படிச்சேன்னு சொல்லு அத்தான், படிக்கலன்னு சொல்லிடாத' என்றாள். அதையும் சொல்லிவிட்டேன். அப்பா, ஊர்ப் பெயர் மட்டும் போடாதே என்றார். போடவில்லை.

உங்கள் படங்களைச் சாயங்காலம் கழற்றும்போது கீழே எழுதியிருக்கிற வரியை ஒருதடவை படியுங்கள். அதில் இல்லாத ஆள் ஒருத்தர் வந்து நின்று படித்தால் அவருக்குச் சொல்ல ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பென்சில் கொண்டுவந்திருக்கிறேன், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.